இருபதாயிரம் திரும்ப வரும் என்றது தாள்

பக்கத்து வீட்டு அத்தைக்கு 64 வயது. கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து காலமானவர். 2024-25 நிதியாண்டுக்கான வருமானவரிக் கணக்கை அவருடைய தம்பி மகன் எக்செல்லில் போட்டுக் கொடுத்திருந்தான். வரி ஏதும் இல்லை, வங்கி பிடித்த 20,000 ரூபாயும் திரும்ப வரும் என்று அந்தத் தாள் சொன்னது. "நீயும் ஒரு தடவ பாத்துருப்பா" என்று நீட்டினார்.

இப்படி ஒரு தாள் வந்தால் நான் கடைசி வரியைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தொகையும் எந்தத் தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். இதில் முதல் வரி: சம்பளம், பென்ஷன் 4,80,000. அதிலிருந்து நிலையான கழிவு 75,000. மீதி 4,05,000.

அத்தையின் ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். அதில் 'குடும்ப ஓய்வூதியம்' என்று தெளிவாக இருக்கிறது. வேலை பார்த்தவர் தானே வாங்கும் பென்ஷன், சம்பளத் தலைப்பில் வரும். அவர் காலத்துக்குப் பின் மனைவி வாங்குவது அப்படியல்ல. அந்த அலுவலகத்துக்கு அத்தை ஊழியர் இல்லையே. எனவே அது 'இதர வருமானம்'. அங்கே 75,000 கழிவு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இதில் எது குறைவோ அதுதான் (இது புதிய வரிமுறைக்கு, பழையதில் 15,000). பாஸ்புக்கில் வெறுமனே 'பென்ஷன்' என்று அச்சாவதால் இந்தத் தவறு வீட்டுக்கு வீடு நடக்கிறது. இந்த ஒரு வரியில் மட்டும் வருமானம் 50,000 ஏறியது.

அடுத்தது வைப்புநிதி வட்டி. தாளில் 1,80,000. கணக்கில் வரவான தொகையைப் பார்த்துத் தம்பி அப்படியே எழுதிவிட்டான். வருமானவரித் தளத்தில் கிடைக்கும் படிவம் 26ஏஎஸ்ஸில் வட்டி 2,00,000, பிடித்தம் 20,000 என்று இருந்தது. பிடித்தத்துக்கு முந்தைய முழு வட்டியைத்தான் வருமானமாகக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த 20,000 வருமானத்தில் வராமலே, கட்டிய வரியாக மட்டும் கழிந்துவிடும்.

சேமிப்புக் கணக்கு வட்டி 4,500 என்றிருந்தது; பாஸ்புக்கில் 5,400. வித்தியாசம் 900. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய கணக்குப்பிள்ளைகள் சந்தேகப்படுவார்கள். இங்கே நடந்தது அதுவே.

இதுவரை எல்லாம் அத்தைக்குப் பாதகம். மாடி வாடகையில் மட்டும் தம்பி அவருக்கு அநியாயம் செய்திருந்தான். மாதம் 9,000 வீதம் 1,08,000 ரூபாயை வட்டியோடு சேர்த்து இதர வருமானத்தில் போட்டுவிட்டான். வீட்டு வாடகைக்குத் தனித் தலைப்பு உண்டு. கட்டிய வீட்டுவரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று தள்ளலாம். வெள்ளையடித்த ரசீது எதுவும் கேட்க மாட்டார்கள்.

வீட்டுவரிக்கு மட்டும் ரசீது வேண்டும். அரையாண்டுக்கு 1,500 வீதம் இரண்டும் கட்டியாயிற்று என்றார் அத்தை. பீரோவிலிருந்து இரண்டு ரசீதுகளும் வந்தன. ஒன்றில் தேதி 2024 அக்டோபர். மற்றதில் 2025 ஏப்ரல் 5. வரி எந்த அரையாண்டுக்கானது என்பதல்ல கணக்கு. பணம் எந்த நிதியாண்டில் கட்டப்பட்டது என்பதே. மார்ச் 31 தாண்டிவிட்டதால் இரண்டாவது ரசீது இந்த வருடத்துக்கு உதவாது. ஆக 1,06,500 மிஞ்சியது. அதில் 30 சதவீதமான 31,950 போக, வாடகை வருமானம் 74,550.

தம்பியின் தாளில் மொத்தம் 6,97,500. அந்த வருடம் புதிய முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் வரி பூஜ்யம் என்று வந்திருந்தது. திருத்திய மொத்தம் 7,34,950. எல்லையைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுகிறது. 3 லட்சத்திலிருந்து 7 லட்சம் வரை 5 சதவீதம் வீதம் 20,000; மேலே உள்ள 34,950-க்கு 10 சதவீதம், 3,495. இதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 24,430. வங்கி பிடித்த 20,000 போக, கட்ட வேண்டியது 4,430 ரூபாய்.

பழைய முறையில் வட்டிக்கு 50,000 கழிவு உண்டே என்று அதையும் போட்டுப் பார்த்தேன். அதில் வரி ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது.

"வரும்னு சொன்னான், நீ கட்டணும்ங்கிற" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஏப்ரல் ரசீதை மட்டும் எடுத்து, அடுத்த வருடத்துக் காகிதங்களோடு வைக்கப் போனார்.