நாடாவிற் பதிந்த நகையொலி

தனியே இருந்து ஒரு நகைச்சுவை நாடகத்தைப் பார்ப்பவன் சிரிப்பதிலும், அரங்கிலே பலரோடு கூடியிருந்து பார்ப்பவன் சிரிப்பது பெரிது. அயலில் இருப்பவர் சிரிக்கக் கேட்டதும், நகைப்பின் காரணத்தை முற்றாக உணருமுன்னரே நம் வாயும் மலர்ந்துவிடுகின்றது. நகை தொற்றும் இயல்புடையது. அமெரிக்க வானொலி நிலையத்தார் இதனை நன்கறிந்திருந்தனர். ஆதலால், அந்நாட்டின் புகழ்பெற்ற வானொலி நகைச்சுவையாளர் பலர் பார்வையாளரை நிலையத்துக்கு அழைத்து, அவர் முன்னிலையிலேயே நடித்தனர். வீட்டிலிருந்து கேட்டவன் நடிகர் குரலோடு கூட்டத்தின் சிரிப்பையுங் கேட்டுப் பழகினான். தொலைக்காட்சி வந்தபோது இப்பழக்கமும் உடன் வந்தது.

உண்மையான சிரிப்பைப் பதிவுசெய்தற்குச் சிறந்த உதாரணமாவது 1951ஆம் ஆண்டில் ஆரம்பித்த 'ஐ லவ் லூசி' என்னும் தொடராகும். ஒளிப்பதிவாளர் கார்ள் பிராயிண்டின் மேற்பார்வையில் மூன்று திரைப்படக் கமராக்கள் ஒரே வேளையில் இயங்க, நாடகம் பார்வையாளர் முன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒழுங்காக நடிக்கப்பட்டது. பார்வையாளரின் தலைக்கு மேலே ஒலிவாங்கிகள் தொங்கவிடப்பட்டன. அவற்றின் ஒலி நடிகர் பேச்சினின்று வேறாகப் பதியப்படுமாயின், பின்னர் இரண்டனையும் வேண்டிய அளவிற் கூட்டியுங் குறைத்துங் கலக்கலாம். இம்முறையிலே நடிகனும் ஒரு கலையைப் பயிலவேண்டியிருந்தது. சிரிப்பு எழுந்து உச்சத்தை அடைந்து தணியத் தொடங்கும்வரை அவன் அடுத்த சொல்லைக் கூறாது நிற்றல் வேண்டும். முந்திப் பேசினால் சொல் மறையும்; பிந்திப் பேசினால் காட்சி தொய்யும். ஆகவே, பார்வையாளரின் சிரிப்பு நாடகத்தின் தாளத்தையே வகுத்தது எனலாம்.

எனினும் எல்லாத் தொடர்களும் இவ்வாறு எடுக்கப்பட்டனவல்ல. ஒரே கமராவைக் கொண்டு, திரைப்படம் போலத் துண்டு துண்டாகவும் முன்பின் மாறியும் எடுக்கப்பட்டவை பல. அத்தகைய இடத்திற் பார்வையாளரை இருத்துதல் இயலாது. 1950ஆம் ஆண்டில் ஒளிபரப்பான 'ஹாங்க் மக்கியூன் ஷோ' என்னும் தொடரிலே, எவருஞ் சிரியாத காட்சிகளுக்குப் பதிவுசெய்த சிரிப்புப் பின்னர் சேர்க்கப்பட்டது. பார்வையாளர் முன் நடித்தபோதும் இடர்கள் இருந்தன. நடிகன் சொல் தவறினால் அக்காட்சியை மீண்டும் நடிக்கவேண்டும். கேட்ட வேடிக்கைக்கு இரண்டாம் முறை கூட்டம் முன்போலச் சிரியாது. படத்தை வெட்டி ஒட்டுமிடத்திலே சிரிப்பொலி திடீரென அறுபடும். இக்குறைகளை மறைக்கவும் வேறொரு சிரிப்பு வேண்டியிருந்தது.

அவ்வேண்டுதலை நிறைவேற்றியவர் சாள்ஸ் டக்ளஸ் என்னும் பொறியியலாளர். சி.பி.எஸ். நிறுவனத்திலே பணியாற்றிய இவர் 1950களின் தொடக்கத்தில் ஒரு விசித்திரமான பெட்டியைச் செய்தார். தொழிலிலுள்ளோர் அதனை 'லாப் பொக்ஸ்' என்றனர். சிரிப்புப் பெட்டி என்பது பொருள். அதனுள்ளே முனையோடு முனை பொருத்திய 32 நாடா வளையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 10 சிரிப்புகளாக 320 சிரிப்புகள் அடங்கியிருந்தன என்பர். விசைகளை அழுத்திச் சிரிப்பின் வகையைத் தெரிந்தும், மிதிகட்டையாற் சிரிப்பின் நீளத்தை அடக்கியும், ஓர் ஆர்மோனியம் வாசிப்பவர் போல அவர் அதனை இயக்கினார்.

அவருடைய திறமை பெட்டியிலன்று, காதிலே இருந்தது. உண்மையான கூட்டம் ஒருசேரச் சிரிப்பதில்லை. விரைந்துணர்வோர் இருவர் மூவர் முதலிற் கிளுகிளுப்பர். பின்னர் அவை முழுதுஞ் சிரிக்கும். அது அடங்கும்போது, பிந்தி விளங்கிக்கொண்ட ஒருவரின் சிரிப்புத் தனித்தொலிக்கும். டக்ளஸ் இவ்வொழுங்கை விசைகளால் அமைத்தார். இயந்திரத்தை எவரும் பார்க்கவொட்டாது பூட்டிட்டுக் காத்தார். பல ஆண்டுகளாக அமெரிக்கத் தொடர்களிற் கேட்ட சிரிப்பிற் பெரும்பகுதி அவர் கைவழி வந்ததே. செவியைக் கூர்ந்து வைப்பவன் அதன் பொய்மையைக் கண்டுபிடிக்கலாம். ஒரே மனிதரின் சிரிப்பு வெவ்வேறு தொடர்களிலே திரும்பத் திரும்ப வரும்; அற்ப வேடிக்கைக்கும் பேரொலி எழும்; வெட்டவெளியிலோ ஓடும் வாகனத்திலோ நிகழுங் காட்சிக்கு, எங்கிருந்தென்று தெரியாத ஒரு கூட்டஞ் சிரிக்கும்.

நிலையத்தார் இதனை விடாது பற்றியதற்கு அச்சமே காரணம். இது வேடிக்கை என்று அறிவிப்பார் இல்லாவிடின், வீட்டிலிருப்பவன் சிரியாது வேறு நிலையத்துக்கு மாறிவிடுவான் என்று அவர்கள் எண்ணினர். இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை 1972இல் தொடங்கிய 'மாஷ்' என்னுந் தொடரின் வரலாறு காட்டும். கொரிய யுத்தத்தின்போது போர்முனைக்கு அணித்தாயிருந்த ஓர் இராணுவ வைத்தியசாலையைப் பற்றியது அது. அதனை உருவாக்கிய லாரி கெல்பார்ட், ஜீன் ரெனால்ட்ஸ் ஆகிய இருவரும் பதிவுச் சிரிப்பு வேண்டாம் என்றனர், சி.பி.எஸ். நிலையமோ வேண்டும் என்றது. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: சத்திரசிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் மட்டுஞ் சிரிப்பொலி கூடாது.

இவ்வுடன்பாட்டின் விளைவு ஆராயத்தக்கது. அத்தொடரின் வைத்தியரான ஹோக்ஐ தம் கூடாரத்திலே ஒரு குத்தலான வேடிக்கையைக் கூறுகின்றார், கூட்டஞ் சிரிக்கின்றது, நாமும் அவரை ஒரு விகடகவியாகவே காண்கின்றோம். அதே மனிதர் காயமுற்றோனின் உடலின்மேற் குனிந்து நின்று அதே வகையான வேடிக்கையைக் கூறுகின்றார். அங்கே எவருஞ் சிரிப்பதில்லை. அப்போது அச்சொல், இரத்தத்தின் நடுவே சித்தம் பேதலியாதிருக்க ஒருவன் பற்றும் ஊன்றுகோலாக நம் செவியில் விழுகின்றது. சொல்லும் ஆளும் மாறவில்லை. சிரிப்பொலி நீங்கப் பொருள் மாறிவிட்டது. இதனால், பதிவுச் சிரிப்பு வேடிக்கையை மிகுவிப்பதோடு நில்லாமல், அதற்கு வேறு பொருள் இல்லையென்றுந் தீர்த்துவிடுகின்றது என்பது பெறப்படும். காலஞ் செல்லச் செல்ல அத்தொடரிற் சிரிப்பொலி குறைந்து மெலிந்தது. 1983இல் வந்த இறுதிப் பாகத்தில் அது அறவே இல்லை. பிரித்தானியாவில் பி.பி.சி. அத்தொடரைச் சிரிப்பொலியின்றியே ஒளிபரப்பியது. ஆங்குள்ளோரும் சிரித்தே மகிழ்ந்தனர்.

2000ஆம் ஆண்டையடுத்து ஒரே கமராவால் எடுக்கப்பட்ட தொடர்கள் பல இவ்வொலியை முற்றாகக் கைவிட்டன. 2001இல் பிரித்தானியாவில் வந்த 'தி ஒபிஸ்' அவற்றுள் முதன்மையானது. ஓர் அலுவலகத்தைப் பற்றிய விவரணப்படம் போல அது எடுக்கப்பட்டது. மேலாளர் பொருந்தாத ஒரு வேடிக்கையைக் கூறுகின்றார், ஊழியர் வாளாவிருக்கின்றனர், ஒருவன் கமராவை ஒரு கணம் நோக்குகின்றான். அம்மௌனமே அங்கு நகைச்சுவை. அதன்மேற் சிரிப்பொலியை ஊற்றினால் மௌனமும் அழியும். விவரணப்படம் என்னும் பாவனையுங் கெடும். முன்பு கூட்டத்தின் சிரிப்புச் செய்த வேலையை இங்கே அவ்வொரு பார்வை செய்கின்றது. அன்றியும், சிரிப்பு அடங்கக் காத்திருக்கும் இடைவெளி நீங்கியமையால், சொல்லின்மேற் சொல்லாக விரைந்து செல்லவும், பின்னணியிலே சிறு வேடிக்கைகளை ஒளித்துவைக்கவும் ஆசிரியர்க்கு இயன்றது.

ஆயினும் சிரிப்பொலி யாண்டும் குற்றமென்று கொள்ளலாகாது. 2007 முதல் 2019 வரை வந்த 'பிக் பாங் தியரி' பார்வையாளர் முன் நடிக்கப்பட்டுப் பெருவெற்றி பெற்றது. அத்தகைய நாடகத்தினின்று சிரிப்பொலியை மட்டும் நீக்கிப் பார்த்தால், நடிகர் காரணமின்றி நிற்பதாகத் தோன்றும். அது நடிகரின் குறையன்று. அந்நாடகம் சிரிப்புக்கு இடம்விட்டு அமைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். கூட்டத்துக்காக நடித்ததிற் கூட்டத்தின் குரல் நாடகத்தின் உறுப்பு. கூட்டமின்றி நடித்ததில் அது பிறர் நம் வாயில் வைக்கும் சிரிப்பு.