டொராண்டோவுக்குப் போகும் முதல் இன்வாய்ஸ்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் டிசைனர் ஒருவர், டொராண்டோவில் உள்ள ஒரு பேக்கரிக்கு லோகோவும் கேக் பெட்டிக்கான லேபிளும் செய்து கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கனடிய டாலர் என்று பேச்சு. முன்பணமாக 300 டாலர் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் 'டிசைன் வேலை, 22 மணி நேரம், 880 டாலர்' என்று ஒரே வரியில் பில் அனுப்பலாம். தப்பில்லை. ஆனால் அந்த 22 மணி நேரம் எங்கே போனது என்று பேக்கரிக்காரர் கேட்டு ஒரு மெயில் அனுப்புவார். அதற்குப் பதில் போய், அவர் படித்து, கணக்காளரிடம் காட்டி முடிப்பதற்குள் பணம் வருவது தள்ளிப்போகும்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு நேரம் என்று பிரிப்பதுதான் வழி. முதல் ஆலோசனை அழைப்பு 1 மணி 30 நிமிடம். லோகோ, மூன்று மாதிரிகளும் இறுதி வடிவமும் சேர்த்து 11 மணி 15 நிமிடம். பெட்டி லேபிள் 6 மணி 45 நிமிடம். ஒப்புக்கொண்ட இரண்டு சுற்றுக்கு மேல் கேட்ட திருத்தம் 2 மணி 30 நிமிடம். இந்தக் கடைசி வரியைத் தனியாக வைப்பது முக்கியம். எந்தத் தேதி மெயிலில் அவர் அதைக் கேட்டார் என்றும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். லோகோவின் நேரத்துக்குள் அதைப் புதைத்தால், அடுத்த வேலையிலும் கூடுதல் திருத்தம் இலவசம் என்றே அவர் நினைத்துக்கொள்வார்.

பலர் சறுக்கும் இடம் நிமிடக் கணக்கு. 11 மணி 15 நிமிடத்தை 11.15 என்று எழுதி 40-ஆல் பெருக்கினால் 446 டாலர்தான் வரும். 15 நிமிடம் என்பது கால் மணி, அதாவது 0.25. எனவே 11.25 என்று போட வேண்டும், தொகை 450. மற்ற வரிகள் 1.5, 6.75, 2.5. நான்கிலும் புள்ளிக்குப் பின்னால் நிமிடத்தை அப்படியே எழுதியிருந்தால் மொத்தம் 32 டாலர் கைவிட்டுப் போயிருக்கும். சந்தேகம் இருந்தால் நிமிடத்தை 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

செலவுகளுக்கு மணிநேரக் கணக்கின் கீழே தனிப் பகுதி வேண்டும். இந்த வேலைக்காகவே கைவிட்டுப் போன பணம் மட்டும்தான் அங்கே வரும். இங்கே எழுத்துருவின் உரிமம் 3,420 ரூபாய், மாதிரிப் பெட்டி அச்சிட்டது 1,800, கூரியர் 3,600. மாதாமாதம் கட்டும் மென்பொருள் சந்தா, இன்டர்நெட், கரண்ட் பில் எல்லாம் மணிக்கூலிக்குள்ளேயே அடங்கியவை. அவற்றைத் தனியாகக் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அது நியாயமும்கூட. எழுத்துரு உரிமத்தை யார் பெயரில் வாங்க வேண்டும் என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் வாங்கியது உங்களுக்கான உரிமம். பேக்கரி அதைத் தன் கணினியில் பயன்படுத்தப் பெரும்பாலும் தனியாக ஒன்று வாங்க நேரும்.

ஒவ்வொரு செலவுக்கும் ரூபாய் தொகை, மாற்று விகிதம், அந்த விகிதத்தின் தேதி மூன்றும் இருக்கட்டும். ஒரு கனடிய டாலர் 60 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்தால் 57, 30, 60. மொத்தம் 147 டாலர். ரசீதுகளை வரிசை எண் போட்டு இணைத்துவிட்டால் கேள்விக்கே இடமில்லை. லாபம் எதுவும் சேர்க்காமல், கொடுத்ததை மட்டும் கேளுங்கள்.

வேலை 880, செலவு 147, மொத்தம் 1,027. முன்பணம் 300 கழித்து வர வேண்டியது 727. இதை வெறும் '$727' என்று எழுதினால் அமெரிக்க டாலரா, கனடிய டாலரா என்ற குழப்பம் வரும். CAD 727 என்று போடுங்கள். 03/04 என்ற தேதியை நாம் ஏப்ரல் 3 என்போம், அங்கே சிலர் மார்ச் 4 என்பார்கள். மாதத்தை எழுத்தில் எழுதினால் கெடு தேதியில் தகராறு வராது.

ஜிஎஸ்டி பதிவு செய்தவர்கள், ஏற்றுமதிச் சேவை என்பதால் வரி போடாமல் பில் அனுப்ப, ஆண்டுதோறும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதன் அடிப்படையில் வரியின்றி அனுப்புகிறோம் என்ற குறிப்பும் இன்வாய்ஸில் இடம்பெற வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கணக்கில் 727-க்குச் சமமான ரூபாய் வராமல் போகலாம். வங்கி வழியாக வரும் பணத்தில் இடையில் உள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். அனுப்புகிறவர் தன் வங்கியில் OUR என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் அவர் பக்கமே போகும். இதை வேலை தொடங்கும்போதே பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டுவிட்டு, 'வங்கிக் கட்டணம்' என்று செலவுப் பகுதியில் கடைசியில் ஒரு வரி சேர்த்தால், அந்த வரிக்கு மட்டும் உங்களிடம் ரசீது இருக்காது.