t-க்கு எல்லை போட மறந்தால்

x⁴ − kx³ + 3x² − kx + 1 ≥ 0. x எந்த மிகை எண்ணாக இருந்தாலும் இந்த அசமன்பாடு உண்மையாக வேண்டும். அப்படியானால் k அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்?

நான்காம் படி என்றதும் பயம் வரும். ஆனால் கெழுக்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள்: 1, −k, 3, −k, 1. வலமிருந்து படித்தாலும் இதே வரிசைதான், விகடகவி மாதிரி. இப்படிப்பட்ட கோவையில் முதல் வேலை x²-ஆல் வகுப்பது. x மிகை எண் என்பதால் x²-உம் மிகை எண்தான். அசமன்பாட்டின் குறி திசை மாறாது. வகுத்தபின் ஓரத்து உறுப்புகள் ஜோடி சேர்கின்றன:

(x² + 1/x²) − k(x + 1/x) + 3 ≥ 0

இங்கே x + 1/x = t என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினால் x² + 2 + 1/x² = t²; அதாவது x² + 1/x² = t² − 2. இதைப் பிரதியிட்டால் நான்காம் படி இரண்டாம் படியாகச் சுருங்குகிறது: t² − kt + 1 ≥ 0.

பலர் வழுக்கி விழுவது இதற்கடுத்த அடியில்தான். இருபடிக் கோவை எப்போதும் குறை எண் ஆகக்கூடாது, எனவே தன்மைகாட்டி k² − 4 பூச்சியத்தைத் தாண்டக்கூடாது, ஆகவே k அதிகபட்சம் 2 என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு வரியும் சரியாகவே தோன்றும்; விடை மட்டும் தவறு.

விடை தவறு என்பதை t பக்கமே போகாமல் கண்டுபிடிக்கலாம். k-இன் உச்ச மதிப்பில் கோவை எங்காவது பூச்சியத்தைத் தொட வேண்டும், அல்லது தொடும் அளவுக்கு நெருங்கவாவது வேண்டும். இல்லையென்றால் k-ஐ இன்னும் கொஞ்சம் கூட்ட இடம் இருக்கிறது என்று பொருள். k = 2 என்று போட்டால் மூலக் கோவை (x² − x + 1)² ஆகிவிடுகிறது. அடைப்புக்குள் இருப்பது ஒருபோதும் 3/4-க்குக் கீழே இறங்காது. x²-ஆல் வகுத்த வடிவத்தில் பார்த்தாலும் மதிப்பு 1-க்குக் கீழே வராது. ஆக, 2 உச்சம் இல்லை.

t எல்லா மெய்யெண்களாகவும் ஆக முடியும் என்று நினைத்ததுதான் பிழை. x மிகை எண்ணாக இருக்கும்போது

x + 1/x − 2 = (x − 1)²/x

வலப்பக்கம் ஒருபோதும் குறை எண் ஆகாது. எனவே t எப்போதும் 2 அல்லது அதற்கு மேல்; x = 1 ஆகும்போது மட்டும் சரியாக 2. மேலே எல்லை கிடையாது. 2-க்கு மேற்பட்ட ஒவ்வொரு t-க்கும் இரண்டு x உண்டு, ஒன்று மற்றதன் தலைகீழி: t = 5/2 என்றால் x = 2 அல்லது 1/2. ஆனால் t = 1.1 என்று கேட்டால் அதைத் தரும் மெய்யெண் x ஒன்றுகூட இல்லை. தன்மைகாட்டி முறை, இல்லாத அந்த t-க்களுக்கும் சேர்த்து நிபந்தனை போட்டது. நிபந்தனை தேவைக்கு மேல் இறுகியதால் விடை சிறுத்துப்போனது.

இப்போது கேள்வியைச் சரியாகக் கேட்கலாம். t ≥ 2 ஆக உள்ள எல்லா t-க்கும் t² − kt + 1 ≥ 0 ஆக வேண்டும். t மிகை எண். அதனால் வகுத்தால் k ≤ t + 1/t. வேடிக்கை பாருங்கள், அதே வடிவம் திரும்பவும் வந்து நிற்கிறது! உடனே ‘இதன் சிறும மதிப்பும் 2தானே’ என்று கை பரபரக்கும். அந்த 2 கிடைப்பது t = 1-இல்; அங்கே போக நமக்கு அனுமதி இல்லை. 2-இலிருந்து தொடங்கினால்:

t + 1/t − 5/2 = (2t − 1)(t − 2)/(2t)

t ≥ 2 என்பதால் இது குறை எண் ஆகாது; t = 2-இல் மட்டும் பூச்சியம். எனவே k ≤ 5/2. k = 5/2 ஆகும்போது மூலக் கோவை x = 1-இல் பூச்சியத்தைத் தொடுகிறது; முன்பு சொன்ன சோதனையிலும் தேறிவிட்டது.

அவசரக்காரர் ஒருவர் ஆரம்பத்திலேயே x = 1 எனப் போட்டு, 5 − 2k ≥ 0 என்பதிலிருந்து இதே 5/2-ஐ எடுத்திருக்கலாம். அது k இதைத் தாண்ட முடியாது என்று மட்டுமே காட்டும். மற்ற எல்லா x-க்கும் 5/2 போதும் என்று சொல்லும் உரிமை t வழியாகத்தான் கிடைக்கிறது.

x குறை எண்ணாகவும் இருக்கலாம் என்றால் t-க்கு இன்னொரு துண்டும் சேரும்: t ≤ −2. அந்தப் பக்கம் t-ஆல் வகுக்கும்போது குறி திரும்பும் என்பதை மறக்கக்கூடாது. k ≥ −5/2 என்று வரும். x = 0 எனில் கோவையின் மதிப்பு 1, சிக்கல் இல்லை. ஆக, எல்லா மெய்யெண்களுக்கும் விடை −5/2 ≤ k ≤ 5/2.