ஒரு பேருக்கு எவ்வளவு வெட்டு?

பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் பத்தாம் திகதி சம்பளம் போட்டால் லயத்தில் கிளம்பும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: “இவ்வளவு பேர் போட்டும் கைக்கு இதுதானா வந்தது?” முற்பணம், சங்கச் சந்தா, கோயில் காசு என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருவார்கள். சேமலாப நிதி என்று எழுதிய வரிக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால் “ஐயா வெட்டுவார்” என்பதுதான் பதில். ஆனால் அது ஐயா நினைத்தபடி வெட்ட முடியாத வெட்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அதன் அளவை வரையறுத்து வைத்திருக்கிறது.

தொழிலாளியின் சம்பாத்தியத்தில் 8 வீதம் அவர் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட வேண்டும். தோட்டம் தன் பணத்திலிருந்து 12 வீதம் சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 20 வீதம் அவர் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும். இவை ஆகக் குறைந்த அளவுகள். இதைத் தவிர ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டம் இன்னொரு 3 வீதம் கட்ட வேண்டும். அதில் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்க முடியாது.

மாதக் கணக்கைவிட ஒரு பேரின் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மனதில் நிற்கும். 2024 செப்டெம்பரில் வந்த வர்த்தமானிப்படி பெருந்தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதில் 8 வீதம் 108 ரூபா. தோட்டம் சேர்க்க வேண்டிய 12 வீதம் 162 ரூபா. ஆக, அந்தச் சம்பளத்தில் செக்ரோலில் ஒரு பேர் விழுந்தால் கைக்கு வருவது 1,242 ரூபா, கணக்கில் சேர்வது 270 ரூபா. அரைப்பேர் விழுந்தால் எல்லாம் பாதி: 54 ரூபா வெட்டு, தோட்டத்தின் பங்கு 81 ரூபா.

இனி ஒரு மாதத்தைப் பார்ப்போம். பசறைப் பக்கத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவுக்கு ஒக்டோபரில் 20 முழுப்பேரும் 2 அரைப்பேரும் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்த்து 21 பேர். 21ஐ 1,350ஆல் பெருக்கினால் 28,350 ரூபா. இதுதான் சேமலாப நிதிக்கு அடிக்கணக்கு. கூடுதல் கொழுந்துக் காசை நான் இதில் சேர்க்கவில்லை. 8 வீதம் 2,268 ரூபா. அதைக் கழித்தால் 26,082 ரூபா. அதன் பிறகு தீபாவளி முற்பணத்துக்கு 5,000 ரூபாவும் சந்தா முதலியவற்றுக்கு 600 ரூபாவும் போனால் கைக்கு வருவது 20,482 ரூபா.

அந்த மாதம் மொத்தம் 7,868 ரூபா குறைந்திருக்கிறது. அதில் 5,000 ரூபா ஏற்கெனவே வாங்கிச் செலவழித்த காசு. சேமலாப நிதியின் 2,268 ரூபா மட்டும் எங்கும் போகவில்லை. தோட்டத்தின் 3,402 ரூபாவோடு சேர்ந்து 5,670 ரூபாவாக அவர் பெயரில் ஏறுகிறது.

இங்கேதான் சிட்டையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தோட்டத்தின் 12 வீதம் கழிவுகள் பக்கத்தில் வரவே கூடாது. அந்த அக்காவின் சிட்டையில் சேமலாப நிதிக்கு 5,670 ரூபா கழித்திருந்தால், தோட்டத்தின் பங்கையும் அவரிடமே வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. சில சிட்டைகளில் தகவலுக்காக 12 வீதத்தையும் அச்சிட்டிருப்பார்கள். அச்சிடுவது தவறல்ல. கழிவுகளின் கூட்டுத்தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கழிவுகளை நீங்களே ஒருமுறை கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீதம் சரியாக இருந்தும் ஏமாறக்கூடிய இடம் இன்னொன்று உண்டு. எந்தத் தொகைக்கு 8 வீதம்? சட்டம் சம்பாத்தியம் என்று சொல்வதில் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைக்கான கொடுப்பனவு, சாப்பாட்டுப் படி எல்லாம் அடங்கும். மேலதிக நேரக் காசு அடங்காது. தோட்டங்களில் ஊக்கத்தொகை என்று பிரித்துத் தருவதையும் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனிகள் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மற்றதை ஊக்கத்தொகையாகத் தர விரும்புவதன் இரகசியம் இதுதான்.

2016 கூட்டு ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு 730 ரூபா என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாதான். மீதி வருகைக்கு 60, விலைப்பங்குக்கு 30, உற்பத்தித்திறனுக்கு 140. சேமலாப நிதிக்குப் போனது 500 ரூபாவின் 20 வீதம், அதாவது 100 ரூபா. 730 முழுவதுக்கும் கட்டியிருந்தால் 146 ரூபா. பிரித்துக் கொடுத்ததால் தொழிலாளியின் கைக்கு நாளுக்கு 18 ரூபா 40 சதம் கூடுதலாக வந்தது. அதற்கு விலையாகக் கணக்கில் 46 ரூபா விழவில்லை. வெட்டுக் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டவர்கள் இழந்தது தோட்டத்தின் பங்கான 27 ரூபா 60 சதத்தை.

அதே கண்ணோடு 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1,750 ரூபாவையும் பார்க்கலாம். அதில் நாட்சம்பளம் 1,550 ரூபா, அரசாங்கத்தின் வருகை ஊக்கத்தொகை 200 ரூபா. 1,550க்கு வெட்டு 124, தோட்டத்தின் பங்கு 186, கணக்கில் சேர்வது 310 ரூபா. வெட்டு 108இலிருந்து 124 ஆகிறதே என்று யாராவது முணுமுணுத்தால், கணக்கில் 40 ரூபா கூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பணம் வெட்டப்பட்டால் மட்டும் போதாது, போய்ச் சேரவும் வேண்டும். ஒக்டோபர் மாதப் பங்கை நவம்பர் முடிவதற்குள் தோட்டம் கட்டிவிட வேண்டும். பிந்தினால், பிந்திய காலத்துக்கு ஏற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். அதையும் தோட்டம்தான் கட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்பதை மத்திய வங்கி அனுப்பும் அங்கத்தவர் கணக்குக் கூற்றில் பார்க்கலாம். அது கிடைக்கவில்லை என்றால் பெரிய கிளாக்கரிடம் கேளுங்கள்.

கூற்று கைக்கு வந்ததும் தொகைக்கு முன் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பாருங்கள். செக்ரோலில் கூப்பிடுகிற பெயர், அடையாள அட்டையில் பிறப்புச் சான்றிதழ்ப் பெயர் என்று இருக்கிறவர்கள் நம் தோட்டங்களில் ஏராளம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் காசை எடுக்கப் போகும்போதுதான் இந்தச் சிக்கல் வெளியே வரும். அப்போது பெயர் திருத்த அலைவதைவிட, வேலையில் இருக்கும்போதே திருத்துவது எளிது.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் முதலில் உங்கள் பேர்க் கணக்கைச் செக்ரோலோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தகராறு வீதத்தில் இருக்காது, விழாமல் போன பேரில்தான் இருக்கும். அதற்கு ஒரு சின்னக் கொப்பி போதும்: திகதி, நிறுத்த கிலோ, முழுப்பேரா அரைப்பேரா. பேர் சரியாக இருந்தும் பணம் கட்டப்படவில்லை என்றால் பதுளையிலுள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். அங்கத்தவர் இலக்கம், அடையாள அட்டைப் பிரதி, எந்தெந்த மாதம் என்ற விவரம், அந்த மாதச் சிட்டைகள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். நிலுவையை வசூலிக்க நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும் அதிகாரம் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு இருக்கிறது. சட்டத்தரணி வைத்து நீங்கள் வழக்குப் போட வேண்டியதில்லை.

ஆகவே சம்பளச் சிட்டையைக் கசக்கி எறியாதீர்கள். பத்து வருடத்துச் சிட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும்.