கஞ்சி மட்டும் போதுமா? தனியாக வாழும் முதியோருக்கு மென் உணவு



நம் பகுதியில் வயதானவர் ஒருவருக்குப் பல் விழுந்துவிட்டால், அல்லது மெல்ல முடியவில்லை என்றால், வீட்டார் முதலில் நினைப்பது கஞ்சியைத்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் போனில் அதையே சொல்கிறார்கள்: "அம்மாவுக்குக் கஞ்சி மட்டும் கொடுத்தனுப்புங்க பாய், போதும்." நாங்களும் சாப்பாடு அனுப்பத் தொடங்கியபோது அப்படித்தான் நினைத்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது திருமுல்லைவாயலில் தனியாக இருக்கும் ஒரு பெரியம்மாவின் நிலை.

அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. சர்க்கரை நோய் உண்டு. சில வருடங்களுக்கு முன் லேசான பக்கவாதம் வந்து நடை தேறிவிட்டது. பக்கத்து வீட்டார் அன்பாகத் தினமும் அரிசிக் கஞ்சி கொடுத்து வந்தார்கள். அவரும் மறுக்காமல் குடித்தார். ஆனால் சில மாதங்களில் ரவிக்கைகள் தொளதொளத்தன, எழுந்து நிற்கக் கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது. கஞ்சி குடிக்கும்போதெல்லாம் இருமல் வேறு. சளி என்றே எல்லோரும் நினைத்தோம்.

உண்மையில் அங்கே இரண்டு தவறுகள் நடந்துகொண்டிருந்தன. முதலாவது, புரதக் குறைவு. வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1 கிராம் புரதம் தினமும் வேண்டும். அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். 50 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு கிண்ணக் கஞ்சியில் 4 கிராம்கூடத் தேறாது. மூன்று வேளையும் அதையே குடித்தால் வயிறு நிறையும், தசை கரையும், சர்க்கரையும் ஏறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது தவறு பலருக்கும் வியப்பாக இருக்கும். பக்கவாதம் வந்தவர்களுக்கு நீர்த்த கஞ்சியும் அதில் மிதக்கும் பருக்கையும் கஷ்டமான உணவு. தண்ணீர் வேகமாகத் தொண்டைக்குள் இறங்க, பருக்கை வாயில் நின்றுவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாமல் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. அதுதான் அந்த இருமல். சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரப்பது, கன்னத்துக்குள் உணவு தங்குவது, அடிக்கடி காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் வருவது ஆகியவையும் இதன் அடையாளங்களே. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போய்விடுவதும் உண்டு.

ஆகவே "மென் உணவு" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற உலகளாவிய அளவுமுறை ஒன்று இருக்கிறது. நீர் முதல் சாதாரண உணவு வரை 0 இலிருந்து 7 வரை அதில் எண்கள் உள்ளன. நமக்கு அதில் மூன்று போதும். 4 என்றால் கட்டியில்லாமல் அரைத்த உணவு: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒரே உருண்டையாக விழ வேண்டும், வழிந்து ஓடக் கூடாது. 5 என்றால் 4 மில்லிமீட்டருக்கு மேல் துண்டில்லாமல் பொடியாக நறுக்கி ஈரமாக வைத்த உணவு. முள்கரண்டியின் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். 6 என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகள். முள்கரண்டியால் கட்டை விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் நசுங்க வேண்டும், எடுத்தபின் பழைய வடிவத்துக்குத் திரும்பக் கூடாது. எங்கள் சமையல் சகோதரி ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் இந்த எண்ணை ஒட்டுகிறார். பல் இல்லாமல், ஆனால் நன்றாக விழுங்குபவருக்கு 6 போதும். அவருக்குப் போய் எல்லாவற்றையும் அரைத்துக் கொடுத்தால் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

அந்தப் பெரியம்மாவுக்கு மருத்துவர் சொன்னது 5. அவருடைய மதிய டப்பாவில் இப்போது 60 கிராம் அரிசியில் குழைய வடித்த சாதம், 30 கிராம் பாசிப்பருப்பில் கெட்டியான கடைசல், வேகவைத்துப் பொடியாகக் கொத்திய எலும்பில்லாத கோழி 50 கிராம், ஒரு கிண்ணம் தயிர் இருக்கின்றன. மொத்தத்தில் ஏறத்தாழ 27 கிராம் புரதம், அதாவது ஒரு நாள் தேவையில் பாதிக்கும் மேல். காலையில் முட்டையும் இரவில் பாலும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். புட்டு, வடை, காய்ந்த ரொட்டி, முள்ளுள்ள மீன், தோலோடு பட்டாணி எதுவும் அவருக்குப் போகாது. உதிரும் புட்டு மெத்தென்று இருந்தாலும் தொண்டையில் ஒட்டும் என்பதை நாங்களே தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், முடித்த பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

நேரமும் மருந்தோடு சேர்ந்தது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருப்பவருக்கு அம்பத்தூர் நெரிசலில் வண்டி ஒரு மணி நேரம் சிக்கினால் சர்க்கரை இறங்கி வியர்வையும் நடுக்கமும் வரலாம். அதனால் "டப்பா கைக்கு வந்த பிறகே மருந்து" என்று மருத்துவரின் சம்மதத்தோடு அத்தகையவர்களிடம் சொல்லியிருக்கிறோம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவும் சொல்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை பெறுபவர்கள் அந்த அட்டைகளை எங்களிடம் ஒருமுறை காட்டினால் போதும்.

தனியாக இருப்பவரின் கதவைத் தட்டுவது அமானிதம். ஆகவே தினமும் ஒரே முகம்தான் வரும். பெண்கள் தனியாக உள்ள வீடுகளுக்குப் பெண்ணே போகிறார், முடியாத நாளில் ஆண் வாசலோடு நின்றுவிடுவார். நேற்றைய டப்பா திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சம் என்று பார்த்து நோட்டில் குறிக்கிறோம். இரண்டு நாள் தொடர்ந்து பாதி மிஞ்சினால் பிள்ளைக்கு போன் போகும். தட்டியும் கதவு திறக்கவில்லை என்றால் டப்பாவை வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. முதலில் போன், பிறகு சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டார். அந்த அண்டை வீட்டாரின் பெயரைத் தராமல் யாரையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. சிலர் இதற்குக் கோபப்படுகிறார்கள், பரவாயில்லை.

இனி பணம். டப்பா கொண்டு வருபவர் கையில் பணம் கொடுக்க வேண்டாம், அவர் கேட்கவும் மாட்டார். ஒரு வேளைக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 26 நாளைக்கு 2,340 ரூபாய். இருபது பேருக்குச் சமைக்க ஒரு நாள் செலவு 1,800. அதில் ஆறு பேர் வீட்டிலிருந்து பணம் தாமதமானால் நாளொன்றுக்கு 540 குறையும், பத்து நாளில் 5,400. அரிசிக் கடையில் கடன் சொல்லலாம், கோழிக் கடையில் முடியாது. ஆகவே முதலில் கோழியும் முட்டையும் குறையும். பணம் ஒழுங்காகக் கட்டியவரின் டப்பாவும் கஞ்சிக்குத் திரும்பிவிடும். அதனால்தான் மாதம் 5-ஆம் தேதிக்குள் முன்பணமாக, அறக்கட்டளையின் வங்கிக் கணக்கிலேயே கேட்கிறோம். வங்கியில் தானியங்கிப் பரிமாற்றம் செய்து வைத்தால் மறதிக்கு இடமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களும் மகள் வீட்டுக்குப் போன நாட்களும் அடுத்த மாதத்தில் கழிக்கப்படும். ரசீது பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. தன் சாப்பாட்டுக்கு யார் கட்டுகிறார், எவ்வளவு என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா!

ஒரு சகோதரர் தன் தாயாரின் சாப்பாட்டுப் பணத்தை ஜகாத் கணக்கில் எழுதச் சொன்னார். தாய் தந்தையரைப் பராமரிப்பது பிள்ளையின் கடமை, அதை ஜகாத்தாக எண்ண முடியாது. ஜகாத் வாங்கத் தகுதியுள்ள, கவனிக்கப் பிள்ளையோ உறவோ இல்லாதவர்களுக்கு மட்டுமே அந்த நிதியிலிருந்து செலவு செய்கிறோம். அதற்குத் தனிக் கணக்குப் புத்தகம் உண்டு. யாருடைய டப்பா எந்த நிதியில் போகிறது என்பது எடுத்துச் செல்பவருக்கும் தெரியாது. மூடியில் எண் மட்டும்தான் இருக்கும்.

புதிதாகச் சேர விரும்புவோர் பெரியவரின் எடை, சாப்பிடும் மாத்திரைகள், கடைசியாகக் காட்டிய மருத்துவரின் சீட்டு, சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டார் பெயர் ஆகியவற்றுடன் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரவும். பூந்தமல்லிப் பக்கம் டப்பா எடுத்துச் செல்ல ஒரு சகோதரி தேவைப்படுகிறார். அவர் கிடைக்கும் வரை அந்தப் பகுதியில் புதிய பெயர்களைச் சேர்க்க இயலாது.