ஏரிக்கரைக்குக் கீழே மணல் கொதிக்கிறதா?

ஏரி நிரம்பி நிற்கும் நாட்களில் கரைக்குக் கீழுள்ள வயலில் ஈரம் கசிவது புதிய செய்தியன்று. மண்கரை எதுவானாலும் கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும். கசிவு தெளிந்த நீராய், ஒரே அளவாய் வரும் வரையில் அதைக் கவனித்து வந்தால் போதும். ஆனால் கரையடியிலோ, அதற்குச் சில மீட்டர் தள்ளி வரப்போரத்திலோ, உலை கொதிப்பதுபோல் தண்ணீர் பொங்கி, வாயைச் சுற்றி எறும்புப் புற்றுப்போல நுண்மணலைக் குவித்தால் அது வேறு சங்கதி. கரைக்கு அடியிலுள்ள மணல் வெளியேறத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

கரை நல்ல களிமண்ணால் ஆனதாக இருக்கலாம். ஆயினும் பழைய ஓடையின் மணல் அதன் அடியில் ஓடினால், ஏரித் தண்ணீர் அந்த மணல் வழியே கரையைக் கடந்து வயலுக்கு அடியில் வந்து நிற்கும். வயலின் மேல்மண் களிமண்ணாக இருந்தால் தண்ணீர் வெளியேற வழியின்றி, மூடியைத் தூக்கும் ஆவிபோலக் கீழிருந்து உந்தும். நீரில் ஊறிய களிமண், ஒரு மீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீருயரத்தின் உந்துதலைத்தான் தன் எடையால் தாங்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஏரியில் தண்ணீர் வயல் மட்டத்துக்கு மேல் 3 மீட்டர் நிற்கிறது. மணல் வழியே வருகையில் அந்த விசையில் பெரும்பகுதி குறைந்து, கரையடிக்கு வரும்போது 1 மீட்டர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்மண் ஒன்றரை மீட்டர் கனம் இருந்தால் 1.35 மீட்டர் வரை தாங்கும், பயமில்லை. செங்கல்லுக்கோ வண்டி மண்ணுக்கோ அங்கே அரை மீட்டர் வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது 1 மீட்டர் மண். அது 90 சென்டிமீட்டர்தான் தாங்கும். முன் வருடம் அதே நீர்மட்டத்தில் சும்மா இருந்த இடம் இந்த வருடம் பொங்குவது இப்படித்தான். கரையை ஒட்டிக் கிணறு தோண்டினாலும் இதே கதைதான்.

வாய் திறந்ததும் அரிப்பு வயல் பக்கத்தில் தொடங்கி, பின்னோக்கி ஏரியை நாடிப் போகும். மேலேயுள்ள களிமண் கூரைபோல நிற்பதால் கரைக்கு அடியில் குழாய்போல ஒரு பொந்து உண்டாகிறது. பொந்து நீள நீளத் தண்ணீர் கடக்க வேண்டிய மணல் குறைகிறது, வேகம் கூடுகிறது, மணலும் கூடுதலாக வருகிறது. கரையின் மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பொந்து ஏரியைத் தொட்ட பிறகு நேரம் மிகக் குறைவு.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற மண் அணை முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோது, 1976 ஜூன் 3-ல் அணைக்குக் கீழே தெளிந்த ஊற்றுகள் தெரிந்தன. 5-ஆம் தேதி காலையில் கலங்கல் நீர் வந்தது. அன்று நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் மாண்டனர். அங்கே அரிப்பு நடந்தது மணலில் அன்று. பாறை வெடிப்புகளை ஒட்டி அணையின் மண்ணே கரைந்தது. ஆனால் தெளிவு கலங்கலாக மாறியதே அங்கும் எச்சரிக்கை.

ஆகவே ஊற்று நீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துச் சற்று வைத்துப் பாருங்கள். அடியில் மணலோ வண்டலோ படிந்தால், அல்லது குவியல் மணிக்கு மணி பெரிதானால், அரிப்பு நடக்கிறது. பொங்கிக்கொண்டிருந்த ஊற்று திடீரென நின்றால் ஆறிவிட்டது என மகிழ வேண்டாம். உள்ளே பொந்தின் கூரை சரிந்திருக்கக்கூடும்.

ஊற்றின் வாயில் களிமண்ணை அடைப்பதே பலரும் செய்யும் தவறு. அழுத்தம் அப்படியே இருப்பதால் தண்ணீர் பக்கத்தில் வேறு வாய் திறக்கும். தண்ணீரை நிறுத்தாமல் மணலை மட்டும் நிறுத்த வேண்டும். ஊற்றைச் சுற்றி, இளகிய மண்ணுக்கு வெளியே, மண் நிரப்பிய கோணிச் சாக்குகளைச் செங்கல் கட்டுப்போல வட்டமாக அடுக்குங்கள். உள்ளே தண்ணீர் உயர உயர எதிர் அழுத்தம் கூடி, கொதிப்பு தணியும். நீர் தெளிந்து வரும் உயரத்தில் ஒரு வடிவாய் விட்டு, அதற்கு மேல் உயர்த்தாதீர்கள். மிகையானால் வட்டத்துக்கு வெளியே பொங்கும். பெருமணலும் அதன்மேல் சரளையும் கிடைத்தால் வட்டத்துக்குள் பரப்பலாம். நுண்மணல் அதில் தங்கிவிடும்.

இது நேரம் வாங்கும் வேலைதான். உடனே பொறியாளருக்கு ஆள் அனுப்பி, மதகைத் திறந்து ஏரி மட்டத்தைக் குறைக்க வேண்டும். மட்டம் மிக வேகமாக இறங்கினால் உள்கரை சரியும் என்பதால், எவ்வளவு திறப்பது என்பதை அவரே சொல்லட்டும். வட்டம் கட்டியும் கலங்கல் நிற்கவில்லையென்றால் கீழே குடியிருப்போரையும் மாட்டையும் அப்போதே மேட்டுக்கு நகர்த்துங்கள்.

மணல் கொதித்த இடத்தில் கல் நட்டு வையுங்கள். உள்ளே இளகிய வழி இளகியபடியே இருக்கும். ஏரி மறுபடி நிரம்பும்போது முதலில் திறப்பது பெரும்பாலும் அதே வாய்தான். கோடையில் ஏரி வற்றியதும் பொறியாளர் வடிகட்டி மணல் பரப்பி மண் அணைக்க, அந்தக் கல்தான் இடம் காட்டும்.