சுரங்கத்தின் அடியில் எடை கூடுமா, குறையுமா?

புவியீர்ப்பு முடுக்கம் தரைமட்டத்தில் நொடிக்கு நொடி சுமார் 9.8 மீட்டர். மேலே போனாலும் குறையும், கீழே தோண்டிப் போனாலும் குறையும் என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. ஆனால் இரண்டு குறைவுக்கும் காரணம் வேறு.

மேலே போகும்போது பூமியின் நிறை அப்படியே இருக்கிறது. மையத்திலிருந்து தூரம் மட்டும் கூடுகிறது. தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப ஈர்ப்பு தளர்கிறது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அதில் பாதி உயரத்துக்குப் போனால் முடுக்கம் ஒன்பதில் நான்கு பங்காக, அதாவது 4.4 ஆக இறங்கிவிடும்.

கீழே போனால் மையம் நெருங்குகிறது. அந்த வகையில் ஈர்ப்பு கூடவே வேண்டும். ஆனால் கடந்துவந்த மண் அத்தனையும் வெங்காயத் தோல்போல வெளி ஓடாகிவிடுகிறது. அந்த ஓடு உள்ளிருக்கும் பொருளை எல்லாத் திசையிலும் சமமாக இழுப்பதால் அதன் விளைவு பூஜ்ஜியம் என்று நியூட்டன் நிறுவினார். காலடியில் மிஞ்சும் கோளம் மட்டுமே இழுக்கிறது. பூமி முழுதும் ஒரே அடர்த்தி என்று கொண்டால், முடுக்கம் மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு நேர் விகிதத்தில் குறையும். பாதி ஆழத்தில் 4.9, மையத்தில் பூஜ்ஜியம்.

அப்படிப்பட்ட பூமியின் மையம் வழியாக மறுபக்கம் வரை சுரங்கம் குடைந்து, காற்றை அகற்றி, ஒரு கல்லைப் போட்டால் என்ன ஆகும்? மையத்தை நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். அங்கே இழுவிசை இல்லை, வேகம் மட்டும் இருக்கிறது. அந்த வேகத்திலேயே ஏறி, சுமார் 42 நிமிடத்தில் மறுவாயிலை எட்டி, திரும்பி விழும். மையத்தைத் தொடாமல் இரண்டு ஊர்களை நேர்கோட்டில் இணைக்கும் சுரங்கத்திலும், உராய்வு இல்லையென்றால், அதே 42 நிமிடம்தான்.

நிஜ பூமி இந்தக் கணக்குக்கு அடங்குமா? 1854ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வானியலாளர் ஜார்ஜ் ஏரி, இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் இதைச் சோதித்தார். தரையில் ஓர் ஊசல், ஏறக்குறைய 380 மீட்டர் ஆழத்தில் இன்னோர் ஊசல். இரண்டையும் தந்திச் சைகைகளால் ஒப்பிட்டார். ஊசலின் தனிக் குறை கலந்துவிடாதபடி அவற்றை இடம் மாற்றியும் பார்த்தார். பூமி ஒரே அடர்த்தியாக இருந்திருந்தால், கீழே உள்ள ஊசல் நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நொடி பின்தங்கியிருக்கும். அதுவோ இரண்டேகால் நொடி முந்தியது.

ஆழத்தில் ஈர்ப்பு கூடியிருந்தது. மேலோட்டுப் பாறையின் அடர்த்தி பூமியின் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாக இருந்தால் இப்படித்தான் நடக்கும்: கழிகிற ஓடு லேசானது, நெருங்குகிற உட்பகுதி கனமானது. தன் அளவீட்டிலிருந்து பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல 6.6 மடங்கு என்றார் ஏரி. சரியான மதிப்பு சுமார் 5.5. ஊசலில் நேரும் மிகச் சிறு பிழையும் சுற்றுப்பாறையின் அடர்த்தி பற்றிய தவறான மதிப்பீடும் விடையைப் பெரிதாக மாற்றிவிடும் சோதனை அது.

நிலநடுக்க அலைகளிலிருந்து கிடைத்த இன்றைய அடர்த்திக் கணக்குப்படி, இரும்புக் கருவம் தொடங்கும் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் முடுக்கம் 10.7 வரை உயர்கிறது. அதற்குக் கீழேதான் அது பூஜ்ஜியத்தை நோக்கித் தொடர்ந்து இறங்குகிறது.